இயற்பியல் கணக்குகளில் மட்டும் குறைந்த மதிப்பெண்: ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவியின் பெற்றோருக்கு எழுதிய கடிதமும் அதன் பின் நடந்தவையும்

பின்னணி

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் பல ஆண்டுகளாக மேல்நிலை மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்து வருகிறேன். மாலையில் ஒரு பிரிவு, அதில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. இங்கே பதிவு செய்வது சென்ற கல்வியாண்டில் அந்தப் பிரிவில் படித்த ஒரு மாணவியைப் பற்றியது. அவருடைய ஒப்புதலும் பெற்றோரின் ஒப்புதலும் பெற்றே எழுதுகிறேன். பெயர்களையும் பள்ளியையும் தவிர்த்திருக்கிறேன்.

மாணவி தமிழ்வழியில் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு படித்தவர். தந்தை கீழமாசி வீதியில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்குப்பிள்ளை. நான்கு இலக்கத் தொகைகளைப் பக்கம் முழுவதும் நீளவாட்டில் பார்த்துக்கொண்டே கூட்டிச் சொல்லக்கூடியவர். தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். மகளின் மனக்கணக்குத் திறமை இருவருக்கும் பெருமை. அந்தப் பெருமை காரணமற்றதும் அன்று, ஏனெனில் பாடத்தைக் கேட்டவுடன் அவர் எழுப்பும் வினாக்கள் பலமுறை என்னையே பாடப்புத்தகத்தைத் திரும்பத் திறக்க வைத்திருக்கின்றன.

மாநிலப் பாடத்திட்டத்தின் இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்களுக்கு, மூன்று மணி நேரம். 1 மதிப்பெண் வினாக்கள் பதினைந்து, 2 மதிப்பெண்ணில் ஆறு, 3 மதிப்பெண்ணில் ஆறு, 5 மதிப்பெண்ணில் ஐந்து. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு வினா கட்டாயம் எழுத வேண்டியது. அது பெரும்பாலும் கணக்காகவே அமையும். ஆகையால் கணக்கை ஒதுக்கிவிட்டுத் தப்பிக்க வழி இல்லை. காலாண்டுத் தேர்வில் இந்த மாணவி நெடுவினாக்களில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கினார். கணக்குகளில் மட்டும் 14க்கு 6.

முதலில் எடுத்த முடிவு

காலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது பயிற்சி போதவில்லை என்பதுதான். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்றவர்களுக்குக் கொடுத்ததற்கு மேல் அறுபது கணக்குகள் அவருக்குக் கொடுத்தேன். அத்தனையும் செய்து வந்தார். வகுப்பிலும் முதலில் முடித்துக் கையைத் தூக்குபவர் அவரே. நான் விடையை மட்டும் கேட்பேன். சரியென்றால் அடுத்த கணக்கு, தவறென்றால் "திரும்பப் பார்" என்று ஒரு சொல். திரும்பப் பார்த்தால் பெரும்பாலும் சரியான விடை வந்துவிடும். அதனால் தவறு எங்கே நேர்ந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதமும் வேகத்தைத்தான் நான் வளர்த்தேன் என்பது பின்னால் தெரிந்தது.

அரையாண்டுத் தேர்வில் 70க்கு 58. இழந்த 12 மதிப்பெண்களில் 9 கணக்குகளில் போனவை. அந்தத் தாளில் அவர் எடுத்துக்கொண்ட கணக்குகளின் மொத்த மதிப்பெண் 15, கிடைத்தது 6. காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் இடையே செய்த அறுபது கணக்குகளால் ஒன்றும் நகரவில்லை.

தந்தை தொலைபேசியில் பேசினார். "பாப்பாவுக்கு எல்லாம் தெரியுது சார், தாள்ல வரமாட்டேங்குது. கவனம் இல்ல. போனைப் பிடுங்கி வச்சுட்டேன்" என்றார். அந்த நேரத்தில் எனக்கும் அதற்கு மாற்றாகச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. விடைத்தாளை அனுப்பி வைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

விடைத்தாள்களில் கண்டவை

ஜனவரி முதல் வாரத்தில் காலாண்டு, இரண்டாம் இடைப்பருவம், அரையாண்டு ஆகிய மூன்று விடைத்தாள்களையும் டியூஷன் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, மதிப்பெண்களைப் பார்க்காமல், தவறான கணக்குகளில் எந்த வரியில் பிழை நுழைகிறது என்பதை மட்டும் குறித்தேன். தவறிய கணக்குகள் பதினேழு. சூத்திரமே தெரியாமல் தவறியது அவற்றுள் ஒன்றே ஒன்று. எண்ணைத் தவறாகப் பார்த்து எழுதியது ஒன்று; செல்சியசைக் கெல்வினாக மாற்ற மறந்தது ஒன்று. மீதிப் பதினான்கும் இரண்டே வகை: எட்டுக் கணக்குகளில் பரப்பு அல்லது பருமனின் அலகு மாற்றம் தவறு, ஆறு கணக்குகளில் திசைக்குரிய கூட்டல் கழித்தல் குறி தவறு.

மடக்கை அட்டவணையில்தான் பிழைகள் குவிந்திருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். இயற்பியல் பொதுத்தேர்வுக்குக் கால்குலேட்டர் கிடையாது என்பதால் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறும் இடம் அது. இவருக்கு அங்கே ஒரு பிழைகூட இல்லை.

பரப்பு வகைக்கு அரையாண்டுத் தாளில் இருந்து ஒரு கணக்கைச் சொல்கிறேன். 2 மீட்டர் நீளமும் 0.5 mm² குறுக்குவெட்டுப் பரப்பும் கொண்ட எஃகுக் கம்பியில் 5 கிலோகிராம் நிறை தொங்கவிடப்படுகிறது, யங் குணகம் 2 × 10¹¹ N m⁻², நீட்சி எவ்வளவு? ΔL = FL/AY என்ற சூத்திரத்தைச் சரியாக எழுதியிருந்தார். விசை 5 × 9.8 = 49 நியூட்டன், அதை நீளத்தால் பெருக்க 98; இதுவும் சரி. பரப்பை 0.5 × 10⁻³ என்று எடுத்துக்கொண்டதால் பகுதியில் 10⁸ வந்து, விடை 9.8 × 10⁻⁷ மீட்டர் ஆகிவிட்டது. பரப்பு 0.5 × 10⁻⁶ m² ஆக இருக்க வேண்டும். அப்போது பகுதியில் 10⁵ வரும், நீட்சி 9.8 × 10⁻⁴ மீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவர் எழுதிய விடையின்படி அந்தக் கம்பி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீளவில்லை. ஐந்து கிலோவை அவ்வளவு மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு அந்த அளவு நீட்சியைப் பள்ளி ஆய்வகத்தில் எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது என்று ஒரு கணம் நினைத்திருந்தால் பிழை தெரிந்திருக்கும். அந்தக் கணம் அங்கே இல்லை.

இதிலே என்னை நிறுத்தி வைத்த செய்தி வேறு. மணிக்கு 36 கிலோமீட்டரை வினாடிக்கு 10 மீட்டராக மாற்றுவது, சென்டிமீட்டரை மீட்டராக்குவது, கிராமைக் கிலோகிராமாக்குவது ஆகியவை மூன்று தாள்களிலும் ஒரு முறைகூடத் தவறவில்லை. mm², cm³ என்று அடுக்கு வந்தால் மட்டுமே தவறுகிறது, அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாக. கவனக்குறைவு என்றால் அது இடம் பார்த்து வராது.

குறி வகைக்கு உதாரணம், அதே தாளின் கட்டாய வினா. 40 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செங்குத்தாக மேல்நோக்கி ஒரு கல் எறியப்படுகிறது. தரையை அடைய எவ்வளவு நேரம்? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அவர் விடைத்தாளில் இருந்தவை இரண்டே வரிகள்: 40 = 10t + 5t², பிறகு t = 2 s. படம் இல்லை, சூத்திரம் இல்லை. பள்ளியில் சூத்திரத்துக்கு ஒன்று, பிரதியிடலுக்கு ஒன்று, அலகுடன் விடைக்கு ஒன்று என்று பிரித்துத் திருத்துகிறார்கள், மூன்றும் போயிற்று.

மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால் இடப்பெயர்ச்சி −40, முடுக்கம் −10. எனவே −40 = 10t − 5t²; இதைச் சுருக்கினால் t² − 2t − 8 = 0; t = 4 வினாடி. அவர் எழுதியது கல்லைக் கீழ்நோக்கி எறிந்தால் வரும் சமன்பாடு. அதற்கு 2 என்ற அழகான முழு எண் விடையாக வந்ததுதான் கெடுத்தது. பின்ன எண் வந்திருந்தால் ஐயம் எழுந்திருக்கும். ஆனால் 10 மீட்டர் வேகத்தில் மேலே போன கல் ஏறவே ஒரு வினாடி, எறிந்த கைக்கு இறங்கி வர இன்னொரு வினாடி. இரண்டாவது வினாடி முடியும்போது கல் இன்னும் மொட்டைமாடி உயரத்தில்தான் இருக்கிறது.

ஒரு சிறு சோதனை

மறுநாள் வகுப்பு முடிந்த பின் அவரை மட்டும் இருக்கச் சொல்லி, தவறிய கணக்குகளில் ஐந்தை வேறு வடிவில் கொடுத்தேன். எண்களை எடுத்துவிட்டு எழுத்துகளை மட்டும் வைத்தேன்: உயரம் h, வேகம் u, நேரம் என்ன? படம் வரைந்தார், மேல்நோக்கி ஒரு அம்புக்குறி இட்டார், −h = ut − ½gt² என்று தயக்கமின்றி எழுதினார். ஐந்தும் சரி. எழுத்துகளைக் கூட்டவோ பெருக்கவோ இடம் இல்லாததால் திசையைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது. எண்கள் இருந்தால், வினாவின் கடைசிச் சொல்லைப் படித்து முடிக்கும் முன்பே பெருக்கல் தொடங்கிவிடுகிறது.

அடுத்து, கம்பிக் கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னேன். "பாயிண்ட் அஞ்சு மில்லி, மீட்டர் ஸ்கொயர். மில்லின்னா பத்தடுக்கு மைனஸ் மூணு" என்றார். "மில்லி" என்பதற்கும் "மீட்டர் ஸ்கொயர்" என்பதற்கும் நடுவே குரல் சற்று நின்றது. mm² என்பதை ஒரு சதுர மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அலகுகளை எழுதும் முறையில் முன்னொட்டும் அலகும் சேர்ந்து ஒரே குறியீடு. அடுக்கு இரண்டையும் சேர்த்தே பற்றும். mm² என்பது (mm)². இதை அவருக்கு யாரும் பிரித்துச் சொன்னதில்லை, நான் உட்பட. தமிழில் "சதுர மில்லிமீட்டர்" என்று சொல்லியிருந்தால் "சதுர" என்பது முழுச் சொல்லுக்கும் முன்னால் நின்று காப்பாற்றியிருக்கும். தமிழ்வழி வகுப்பிலும் நாங்கள் எல்லோரும் "மில்லிமீட்டர் ஸ்கொயர்" என்றே சொல்கிறோம்.

இந்த இரண்டு சோதனைகளுக்கும் பிடித்த நேரம் நாற்பது நிமிடம். அறுபது கணக்குகள் சொல்லாததை அவை சொல்லின.

பெற்றோருக்கு எழுதிய கடிதம்

தொலைபேசியில் பேசினால் சொன்னதில் பாதி நிற்கும், அதுவும் "கவனக்குறைவு" என்ற பாதியாகவே நிற்கும் என்று தோன்றியது. ஆகவே பொங்கல் விடுமுறைக்கு முன் ஒரு கடிதம் எழுதி, உறையிலிட்டு மாணவியிடமே கொடுத்து அனுப்பினேன். தனிப்பட்ட விவரங்களை நீக்கி அதை இங்கே தருகிறேன்.

"அன்புள்ள ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் வணக்கம்.

தங்கள் மகளின் மூன்று விடைத்தாள்களையும் வரிவரியாகப் பார்த்தேன். அவருக்குப் பாடம் புரியவில்லை என்பதோ, கவனம் சிதறுகிறது என்பதோ உண்மையில்லை. பதினேழு கணக்குகள் தவறியிருக்கின்றன. பதினான்கில் காரணம் இரண்டே இரண்டு.

முதலாவது, பரப்பளவை மாற்றும் முறை. வீட்டில் ஓர் அடிக்கு ஓர் அடி உள்ள இடத்தில் அரை அடிச் சதுர ஓடு பதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடியில் இரண்டு அரை அடி உண்டு என்பதற்காக இரண்டு ஓடு வாங்கினால் பாதி இடம் வெறுமையாகக் கிடக்கும். நான்கு ஓடு வேண்டும். அதேபோல ஒரு மீட்டரில் ஆயிரம் மில்லிமீட்டர் இருக்கிறது, ஆனால் ஒரு சதுர மீட்டரில் பத்து இலட்சம் சதுர மில்லிமீட்டர் இருக்கிறது. தங்கள் மகள் பரப்பு வரும் இடத்தில் ஆயிரத்தையே பயன்படுத்துகிறார். நீளத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இது அவருக்குச் சொல்லித் தரப்படாத ஒன்று. சொல்லித் தந்திருக்க வேண்டியவன் நான்.

இரண்டாவது, எண்களைப் பார்த்தவுடன் மனத்தில் கணக்குப் போடத் தொடங்கிவிடுவது. கல் மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதை எழுதி வைக்கும் முன்பே கூட்டல் முடிந்துவிடுகிறது. கூட்டல் சரியாகவே இருக்கிறது. கூட்ட வேண்டியதா கழிக்க வேண்டியதா என்பதுதான் தவறுகிறது. ஐயா கடையில் பேரேட்டில் பதியும்போது எது வரவு, எது பற்று என்று பக்கத்தை முடிவு செய்த பிறகே தொகையை எழுதுவீர்கள். தொகையைக் கூட்டிவிட்டுப் பிறகு பக்கம் தேடுவதில்லை. இயற்பியல் கணக்கிலும் முதல் வேலை பக்கம் பிரிப்பதுதான்.

இனிமேல் ஒவ்வொரு கணக்கையும் இந்த வரிசையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். சிறு படமும் நேர்த்திசையைக் காட்டும் அம்புக்குறியும் முதலில். கொடுக்கப்பட்ட அளவுகள் ஒவ்வொன்றும் தன் அலகுடன், மீட்டர், கிலோகிராம், வினாடிக்கு மாற்றப்பட்டு அடுத்து. பிறகு எழுத்துகளால் சூத்திரம். அதன் பிறகே எண்கள். விடை வந்ததும் 'இப்படி நடக்குமா?' என்று ஒரு வரி.

தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் நோட்டைத் திறந்து, எண் கணக்குத் தொடங்கும் முன் படம் இருக்கிறதா, ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அலகு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விடை சரியா என்று பார்க்க வேண்டாம். 'கவனமாகப் போடு' என்று சொல்வதையும், இப்போதைக்கு மனக்கணக்கு கேட்பதையும் தவிர்க்க வேண்டுகிறேன். கைபேசிக்கும் இந்தப் பிழைகளுக்கும் தொடர்பு இருப்பதாக விடைத்தாளில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தேர்விலேயே மதிப்பெண் கூடும் என்று உறுதி சொல்ல இயலாது. தொடக்கத்தில் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். பிப்ரவரி திருப்புதல் தேர்வின் விடைத்தாளை மறுபடி இதேபோல் பார்த்துவிட்டு எழுதுகிறேன்."

கடிதத்தில் எடுத்த சில முடிவுகள்

மதிப்பெண்ணைக் கடிதத்தில் எங்கும் குறிப்பிடவில்லை. அது அவர்களுக்கு முன்பே தெரியும், மறுபடி எழுதினால் கண் அங்கேயே நிற்கும். கம்பிக் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டு நீக்கினேன். யங் குணகம் என்ற சொல்லைப் பார்த்ததும் பெற்றோர் "இது நமக்கானதில்லை" என்று மடித்து வைத்துவிடுவார்கள் என்ற எண்ணம்தான் காரணம். ஓடு பதிக்கும் உவமையும் பேரேட்டு உவமையும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் அறிவு. அதிலிருந்து தொடங்கினால் மகளின் பிழையை அவர்களே சரிபார்க்க முடியும். விடையைப் பார்க்க வேண்டாம் என்றதற்கு, இரண்டு மாதம் நான் விடையை மட்டுமே பார்த்து ஏமாந்ததே காரணம்.

தொடர்ந்து நடந்தவை

பொங்கலுக்கு மறுவாரம் தந்தை கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரில் வந்தார். பேரேட்டு உவமை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு மறுப்பு வைத்தார். "இப்படி எழுதி எழுதிப் போட்டா மூணு மணி நேரம் பத்துமா சார்?" நியாயமான கேள்வி. 180 நிமிடத்தை 70 மதிப்பெண்ணுக்குப் பகிர்ந்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம், மூன்று மதிப்பெண் கணக்குக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் வருகிறது. அவர் மகள் இதுவரை ஒன்றரை நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தார். புதிய முறையில் முதல் வாரம் ஆறு நிமிடம் ஆயிற்று; பிப்ரவரி இறுதியில் மூன்றரைக்கு இறங்கியது. இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு அவர் மறுப்பைக் கைவிட்டார்.

மாணவிக்கு வருத்தம் வேறு வகையில். கடிதத்தை அவரிடம் கொடுத்தேனே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. உறையைக் கையில் சுமந்துகொண்டு போன பிள்ளைக்கு வீட்டில் அப்பா வாசித்தபோதுதான் தன்னைப் பற்றியது என்று தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் வகுப்பில் வினா எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தந்தையும் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டார். மனக்கணக்கு கேட்க வேண்டாம் என்று நான் எழுதியதை, மனக்கணக்கே கூடாது என்று வாசித்து, 49ஐ 2ஆல் பெருக்குவதைக்கூட ஓரத்தில் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறார். பெருக்கலை மனத்தில் செய்வதில் தடையில்லை, பெருக்கலுக்கு முந்தைய வரிகள்தான் தாளில் வேண்டும் என்று தொலைபேசியில் திருத்தினேன்.

பிப்ரவரித் திருப்புதல் தேர்வில் கணக்குகளில் 15க்கு 10 கிடைத்தது. ஆனால் மொத்தம் 59 மட்டுமே, அரையாண்டைவிட ஒன்று அதிகம். வீட்டில் ஏமாற்றம். விடைத்தாளைப் பார்த்தபோது, 1 மதிப்பெண் வினாக்களுக்கும் படமும் அம்புக்குறியும் வரைந்து நேரத்தைச் செலவிட்டு, கடைசி நெடுவினாவைப் பாதியில் விட்டிருந்தார். வரிசையைச் சொன்ன நான் அதை எங்கே சுருக்கலாம் என்று சொல்லவில்லை. அதன் பிறகு 1 மதிப்பெண் வினாவுக்கு அலகு மாற்றும் ஒரே வரி போதும் என்றும், அந்த வரியில் அடைப்புக்குறி கட்டாயம் என்றும் மாற்றினோம்:

0.5 mm² = 0.5 × (10⁻³ m)² = 0.5 × 10⁻⁶ m²
50 cm³ = 50 × (10⁻² m)³ = 50 × 10⁻⁶ m³

இரண்டாவது வரி அரையாண்டில் அவர் முழுவதுமாக இழந்த 2 மதிப்பெண் கணக்கிலிருந்து எடுத்தது. 10⁵ பாஸ்கல் மாறா அழுத்தத்தில் வாயுவின் பருமன் 50 cm³ கூடினால் செய்யப்படும் வேலை 5 ஜூல். அவர் 50,000 ஜூல் என்று எழுதியிருந்தார். விடைக்குப் பிறகு "இப்படி நடக்குமா?" வரியை எழுதச் சொன்னபோது, ஒரு கிலோ எடையை அரை மீட்டர் தூக்க ஏறக்குறைய 5 ஜூல் வேண்டும், அப்படியென்றால் 50,000 ஜூல் ஐந்து டன் லாரியை ஒரு மீட்டர் தூக்கும், கைப்பிடியளவு வாயுவுக்கு அந்த வலு ஏது என்று அவரே எழுதினார். அந்த வரி எனக்கு மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்லிற்று.

மார்ச் மாத ஆண்டுத் தேர்வில் மொத்தம் 64. எடுத்த கணக்குகளில் 14க்கு 12. பரப்பு, பருமன் மாற்றத்தில் ஒரு பிழையும் இல்லை. போன இரண்டு மதிப்பெண்ணும் குறிப் பிழையால்தான்: வெப்ப இயக்கவியல் கணக்கில் வாயு செய்த வேலையையும் வாயுவின் மீது செய்யப்பட்ட வேலையையும் மாற்றிக் கொண்டுவிட்டார். மேலே கீழே என்று அம்புக்குறி வரைய முடிந்த இடத்தில் குறி நிலைத்துவிட்டது. வரைய முடியாத இடத்தில் இன்னும் நழுவுகிறது. அலகுப் பிழை ஒரு வாசிப்புப் பிழை, ஒருமுறை சரியானால் போய்விடுகிறது. குறிப் பிழை பழக்கம்; அதற்கு இரண்டு மாதம் போதவில்லை.

வரம்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே பிரிவில் கணக்குகளில் மதிப்பெண் இழந்த ஒரு மாணவனுக்கும் இதே வரிசையைக் கொடுத்தேன்; அவனுக்குப் பலன் இல்லை. படம் வரைந்தான், அலகு எழுதினான், பின்னத்தின் பகுதியில் இருப்பதை மறுபக்கம் கொண்டுபோவதில் தவறினான். அவனுக்கு வேண்டியது எட்டாம் வகுப்பு இயற்கணிதம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

காலாண்டு விடைத்தாளை அன்றே வரிவரியாகப் பார்த்திருந்தால் அக்டோபரிலேயே mm² பிழை தெரிந்திருக்கும்; கூடுதல் கணக்குகள் கொடுத்தது இரண்டு மாதத்தை எடுத்துக்கொண்டது. இப்போது வகுப்பில் முதலில் முடித்தவரைக் கை தூக்கச் சொல்வதில்லை. பிரிவில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்தில் ஐந்து கணக்குகளை எழுத்துகளாலும், அதே ஐந்தை எண்களாலும் கொடுத்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறித்து வைக்கிறேன். எழுத்தில் சரியாகவும் எண்ணில் தவறாகவும் செய்பவருக்கு ஒரு வழி. இரண்டிலும் தவறுபவருக்கு வேறு வழி.

கடிதத்தில் "மனக்கணக்கு கேட்பதைத் தவிர்க்க" என்ற தொடரை எடுத்துவிட்டு, "மனத்தில் பெருக்கலாம், ஆனால் பெருக்கும் முன் இந்த மூன்று வரிகள் தாளில் இருக்க வேண்டும்" என்று எழுதியிருக்க வேண்டும். 1 மதிப்பெண் வினாவுக்கு எதைச் சுருக்கலாம் என்பதையும் அதிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

இவ்வாண்டு வேறொரு மாணவனின் வீட்டுக்கு இதுபோல ஒரு கடிதம் எழுத நேர்ந்தது. உறையில் இடும் முன் அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இரண்டு இடங்களில் "இது சரியில்ல சார், நான் அப்படி நினைச்சுச் செய்யல" என்று திருத்தினான். அவன் திருத்தியபடியே எழுதி அனுப்பினேன்.